மீலியை மூராக மாற்றும்போது எத்தனை நிலைகள் கூடும்? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

ஒரு மீலி இயந்திரம் கையில் இருக்கிறது. கணக்கெல்லாம் சரியாகத்தான் போடுகிறது. ஆனால் அதன் வெளியீடு நிலையோடு உள்ளீட்டையும் பார்ப்பதால், உள்ளீடு கிளாக்கின் நடுவில் ஆடினால் வெளியீடும் கூடவே ஆடுகிறது. நிலையை மட்டும் பார்த்து வெளியீடு தரும் மூர் இயந்திரமாக இதை மாற்றலாமா என்ற கேள்வி வரும்போது மூன்று வழிகள் இருக்கின்றன. மாற்றாமலே விடலாம். நிலைகளைப் பிரித்து முழு மூர் வரைபடமாக எழுதலாம். அல்லது மீலியைத் தொடாமல் அதன் வெளியீட்டில் ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் வைக்கலாம்.

வகுப்பில் இரண்டாவது வழியைத்தான் சொல்லித்தருவார்கள். நடைமுறை டிசைன்களில் மூன்றாவதுதான் அதிகம் கண்ணில் படும். இந்த இரண்டும் வெவ்வேறு சுற்றுகள் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போனால், இரண்டும் ஒன்றே என்பதும் உண்மையில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் வேறு என்பதும் தெரிந்துவிடும்.

மாற்றும் முன் எண்ணிப் பாருங்கள்

`1011` என்ற வரிசை வந்தால் `z = 1` என்று சொல்லும் கண்டுபிடிப்பானை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருத்தத்தின் கடைசி `1`, அடுத்த பொருத்தத்தின் முதல் `1` ஆகவும் இருக்கலாம். மீலி வடிவத்தில் நான்கு நிலைகள் போதும். `S0` என்றால் இதுவரை பயனுள்ள எதுவும் வரவில்லை. `S1` என்றால் `1` வந்திருக்கிறது, `S2` என்றால் `10`, `S3` என்றால் `101`.

| நிலை | x = 0 | x = 1 |
|---|---|---|
| S0 | S0 / 0 | S1 / 0 |
| S1 | S2 / 0 | S1 / 0 |
| S2 | S0 / 0 | S3 / 0 |
| S3 | S2 / 0 | S1 / 1 |

ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது "அடுத்த நிலை / வெளியீடு" என்ற இணை. மூர் இயந்திரத்துக்கு எத்தனை நிலைகள் வேண்டும் என்று அறிய இந்த எட்டுக் கட்டங்களில் வெவ்வேறான இணைகள் எத்தனை என்று எண்ணினால் போதும். இங்கே `S0/0`, `S1/0`, `S2/0`, `S3/0`, `S1/1` என ஐந்து. ஆகவே மூர் வடிவத்துக்கு ஐந்து நிலைகள்.

காரணம் நேரடியானது. மூர் நிலைக்கு ஒரே ஒரு வெளியீடுதான் இருக்க முடியும். `S1`-க்குள் வரும் அம்புகளில் இரண்டு `0`-ஐயும் ஒன்று `1`-ஐயும் சுமந்து வருகின்றன. அதனால் `S1` இரண்டு பிரதிகளாகப் பிரிகிறது. மற்ற மூன்று நிலைகளுக்குள் வரும் அம்புகள் எல்லாம் `0`-ஐ மட்டுமே சுமப்பதால் அவை அப்படியே நிற்கின்றன. ஒரு நிலையிலிருந்து வெளியே போகும் அம்புகளில் என்ன வெளியீடு எழுதியிருக்கிறது என்பது அந்த நிலை பிரிவதற்குக் காரணம் ஆகாது. `S3`-இலிருந்து `1` கிளம்புவதைப் பார்த்து `S3`-ஐப் பிரிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

"நிலைகள் × வெளியீடுகள்" என்ற உச்ச வரம்பை மட்டும் நினைவில் வைத்திருப்பவர், இங்கே எட்டு நிலைகள் ஆகுமே என்று பயந்து மாற்றத்தையே கைவிடலாம். அந்த வரம்பு தவறில்லை, ஆனால் பல இயந்திரங்கள் அதன் அருகில்கூடப் போவதில்லை. அட்டவணையில் உள்ள கட்டங்களின் எண்ணிக்கையும், அதாவது நிலைகள் × உள்ளீட்டு மதிப்புகள் என்பதும், இன்னொரு உச்ச வரம்பு. இரண்டில் எது சிறியதோ அதைத் தாண்டாது. தொடக்க நிலைக்காக மட்டும் ஒன்று கூடலாம், அதைப் பிறகு பார்ப்போம்.

வரிசை கண்டுபிடிப்பான்களுக்கு இன்னும் சுலபமான விதி உண்டு. `n` பிட் வரிசைக்கு மீலியில் `n` நிலைகள், மூரில் எப்போதும் `n + 1`. வெளியீடு `1` உள்ள அம்பு ஒன்றே ஒன்றுதான், அது போய்ச் சேரும் நிலைக்குள் `0` சுமந்த அம்பும் ஏற்கெனவே வருகிறது. ஆகவே ஒரே ஒரு பிரதிதான் கூடும். இரும எண்களாகக் குறியிட்டால், அந்த ஒரு நிலைக்காக ஃபிளிப்-ஃப்ளாப் கூடுவது `n` என்பது 2, 4, 8, 16 போன்ற இரண்டின் அடுக்காக இருக்கும்போது மட்டுமே. நான்கு பிட் வரிசைக்கு இரண்டு ஃபிளிப்-ஃப்ளாப் மூன்றாகும். ஐந்து பிட் வரிசைக்கு ஐந்து நிலைகளுக்கும் மூன்றுதான், ஆறு நிலைகளுக்கும் மூன்றுதான்.

கூடிய நிலைகளை ஏதாவது சுருக்கும் முறையால் பிறகு குறைத்துவிடலாமா? மீலி அட்டவணை ஏற்கெனவே முழுதாகச் சுருக்கப்பட்டிருந்தால் முடியாது. இரண்டு நிலைகள் உண்மையில் வேறா என்பதை வெளியிலிருந்து உள்ளீடு கொடுத்து வெளியீட்டைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். எட்வர்ட் மூர் 1956-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பார்வையில் எழுந்ததுதான். இரண்டு மூர் பிரதிகளின் வெளியீடு வேறென்றால் பார்த்த உடனே பிரித்துச் சொல்லிவிடலாம். வெளியீடு ஒன்றாக இருந்தால் அவற்றின் மூல மீலி நிலைகள் வேறாக இருக்கும். அவை சுருக்கப்பட்ட மீலியின் வெவ்வேறு நிலைகள் என்பதால் ஏதோ ஓர் உள்ளீட்டு வரிசை அவற்றைக் காட்டிக்கொடுத்தே தீரும். எனவே சுருக்க வேண்டியதை மாற்றத்துக்கு முன், மீலி அட்டவணையிலேயே சுருக்கிவிடுங்கள். அங்கே தேவையின்றி விட்ட ஒரு நிலை, இங்கே இரண்டு மூன்றாகப் பெருகும்.

நிலைகளைப் பிரித்து எழுதும் வழி

ஐந்து இணைகளுக்கும் வரிசையாக `A`, `B`, `C`, `D`, `E` என்று பெயர் வைப்போம். `B` என்பது `S1/0`, `E` என்பது `S1/1`. ஒவ்வொரு மூர் நிலையும் தன் மூல மீலி நிலையின் அம்புகள் அத்தனையையும் எடுத்துக்கொள்கிறது. அம்பின் இலக்கு மட்டும் இணையின் பெயராக மாறுகிறது.

| நிலை | x = 0 | x = 1 | z |
|---|---|---|---|
| A | A | B | 0 |
| B | C | B | 0 |
| C | A | D | 0 |
| D | C | E | 0 |
| E | C | B | 1 |

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. `B`, `E` இரண்டின் அம்புகளும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, தேவையில்லாத பிரதி என்று இணைத்துவிடுவது ஒன்று. அப்படி இணைத்தால் `z` எப்போதுமே `0` ஆகிவிடும், அல்லது ஒவ்வொரு தனி `1`-க்கும் எழும்பும். மூரில் வெளியீடும் நிலையின் அடையாளத்தில் சேர்ந்தது.

மற்றது இன்னும் நயமாக ஒளிந்துகொள்ளும். `E` என்பது வேலை முடிந்த நிலை என்று எண்ணி, அதிலிருந்து இரண்டு அம்புகளையும் `A`-க்குத் திருப்பிவிடுவார்கள். `1011` மட்டும் கொடுத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். `1011011` கொடுங்கள். சரியான இயந்திரம் 4-வது பிட்டுக்கும் 7-வது பிட்டுக்கும் `z`-ஐ எழுப்பும். `E`-இலிருந்து `A`-க்குப் போகும் இயந்திரம் இரண்டாவதைத் தவறவிடும். `1`-க்கான அம்பையும் சோதிக்க `10111011` கொடுக்க வேண்டும். கண்டுபிடிப்பான் எழுதும் யாரும் இந்த இரண்டு வரிசைகளையும் சோதனையில் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

தொடக்க நிலைக்கு வருவோம். மீலியின் தொடக்கம் `S0`, அதற்கு ஒரே ஒரு பிரதிதான், `A`. ரீசெட் ஆனதும் `z = 0`, சிக்கல் இல்லை. ஆனால் வேறொரு இயந்திரத்தில் தொடக்க நிலைக்குள் வரும் அம்புகள் எல்லாமே `1`-ஐச் சுமந்திருந்தால், இருக்கும் ஒரே பிரதியின் வெளியீடு `1`. ரீசெட் ஆன கணமே பொய்யாக ஒரு `1` கிளம்பும். அப்போது அதே அம்புகளோடு வெளியீடு `0` ஆக இன்னொரு பிரதி சேர்க்க வேண்டும். தொடக்க நிலைக்குள் அம்பே வரவில்லை என்றாலும் ஒரு நிலையை நாமே சேர்க்க வேண்டியதுதான். முன்பு சொன்ன "ஒன்று கூடலாம்" இதுதான்.

பிரித்தது எதை என்று குறியீட்டில் தெரியும்

இப்போது ஐந்து நிலைகளுக்கும் மூன்று பிட் குறியீடு கொடுக்கலாம். `000`-இலிருந்து `100` வரை வரிசையாகக் கொடுப்பதுதான் வழக்கம். அதற்குப் பதிலாகக் கீழ் இரண்டு பிட்டுகளில் மீலி நிலையையும், மேல் பிட்டில் வெளியீட்டையும் வையுங்கள்:

```verilog
localparam A = 3'b000, B = 3'b001,
           C = 3'b010, D = 3'b011, E = 3'b101;
reg [2:0] s;
always @(posedge clk)
  if (rst) s <= A;
  else case (s)
    A: s <= x ? B : A;
    B: s <= x ? B : C;
    C: s <= x ? D : A;
    D: s <= x ? E : C;
    E: s <= x ? B : C;
    default: s <= A;
  endcase
assign z = s[2];
```

`B` என்பது `001`, `E` என்பது `101`. இரண்டின் கீழ்ப் பிட்டுகளும் `01`, அதாவது `S1`. இரண்டுக்கும் அம்புகள் ஒன்றே என்பதால், கீழ் இரண்டு பிட்டுகளின் அடுத்த மதிப்பைக் கணிக்க மேல் பிட்டைப் பார்க்கவே தேவையில்லை. அவை பழைய மீலி இயந்திரமாகவே ஓடுகின்றன. மேல் பிட் செய்வது ஒன்றுதான்: மீலி இந்தக் கிளாக்கில் தந்த வெளியீட்டை அடுத்த கிளாக்குக்குப் பிடித்து வைக்கிறது.

அதாவது மூன்றாவது வழியேதான் இது:

```verilog
localparam S0 = 2'b00, S1 = 2'b01,
           S2 = 2'b10, S3 = 2'b11;
reg [1:0] q;
reg z;
always @(posedge clk)
  if (rst) begin
    q <= S0;
    z <= 1'b0;
  end else begin
    z <= (q == S3) & x;
    case (q)
      S0: q <= x ? S1 : S0;
      S1: q <= x ? S1 : S2;
      S2: q <= x ? S3 : S0;
      S3: q <= x ? S1 : S2;
    endcase
  end
```

இரண்டிலும் மூன்று ஃபிளிப்-ஃப்ளாப்புகள், கிளாக்குக்குக் கிளாக் ஒரே நடத்தை. "கூடுதல் நிலைகள்" என்று எண்ணியது உண்மையில் வெளியீட்டு ஃபிளிப்-ஃப்ளாப்பின் நினைவைத்தான். இந்த ஒரு புரிதல் வந்துவிட்டால், நிலை எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுவது நின்றுவிடும்.

இரண்டாவது வடிவத்தில் ஒரு சிறிய நன்மையும் உண்டு. இரண்டு பிட்டில் நான்கு நிலைகளும் நிறைந்துவிட்டதால் பயன்படாத `q` மதிப்பே இல்லை. முதல் வடிவத்தில் `100`, `110`, `111` மூன்றும் காலி. `default` வரியை மறந்தால் அந்த நிலைகளில் `s` மாறாது. ஏதோ காரணத்தால் அங்கே போய் விழுந்த இயந்திரம், `z` உயர்ந்த நிலையில், ரீசெட் வரும்வரை சிக்கிக் கிடக்கும்.

ஒரு குறியீட்டுத் தேர்வு வெளியீட்டின் தூய்மையையும் தீர்மானிக்கிறது. மூர் என்றாலே கிளிட்ச் வராது என்று பலர் நம்புகிறார்கள். வெளியீடு ஒரு நிலைப் பிட்டிலிருந்தே நேராக வந்தால்தான் அது உண்மை. பல நிலைகளில் `1` ஆகும் ஒரு வெளியீட்டை இரண்டு மூன்று பிட்டுகளிலிருந்து கேட் வைத்துக் கணித்தால், அந்தப் பிட்டுகள் ஒரே கிளாக்கில் மாறும்போது அவற்றுக்கிடையே உள்ள சிறு நேர வித்தியாசம் கிளிட்சாக வெளியே தெரியும். அந்த வெளியீடு வேறொரு ஃபிளிப்-ஃப்ளாப்பின் கிளாக்குக்கோ ரீசெட்டுக்கோ போகிறது என்றால், மூராக மாற்றியதன் பலனே போய்விடும்.

எந்த வடிவில் எழுதுவது

வெளியீடு ஒன்றிரண்டு பிட், நிலைகளுக்குத் தெளிவான பொருள் உண்டு என்றால் பிரித்து எழுதுவதே படிக்க நன்றாக இருக்கும். `E` என்றால் "வரிசை கிடைத்துவிட்டது" என்று பார்த்தவுடன் புரியும். மேலே சொன்ன ஐந்து பிட் வரிசைக்கு இரும எண்களாகக் குறியிட்டால் இந்த வடிவம் மூன்று ஃபிளிப்-ஃப்ளாப்பில் முடிகிறது. மீலியோடு வெளியீட்டு ஃபிளிப்-ஃப்ளாப் வைத்தால் நான்கு. எஃப்.பி.ஜி.ஏ-வில் தர்க்கக் கலத்தோடு ஃபிளிப்-ஃப்ளாப்பும் சேர்ந்தே வருவதால் இந்த ஒன்றுக்காக யாரும் அலட்டிக்கொள்வதில்லை. நிலைக்கு ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் வைக்கும் ஒன்-ஹாட் குறியீட்டில் அந்த வித்தியாசமும் இல்லை. இரண்டிலும் `n + 1`.

நிலைகள் முழுதாகப் பெருகும் இயந்திரங்களில் பிரித்து எழுத முயலவே கூடாது. தொடர் கூட்டியைப் பாருங்கள். மீலியில் இரண்டே நிலைகள்: மிச்சம் 0, மிச்சம் 1. இரண்டு உள்ளீட்டுப் பிட்டுகள், ஆக எட்டுக் கட்டங்கள். இணைகளை எண்ணினால் நான்கும் வந்துவிடும், நிலைகள் இரட்டிப்பாகின்றன. நான்கு வரை வரையலாம்தான். ஆனால் நிலையே மாறாத, 8 பிட் உள்ளீட்டை அப்படியே தலைகீழாக்கி வெளியே தரும் ஒரு நிலை மீலியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டவணையில் 256 கட்டங்கள், அத்தனையும் வெவ்வேறு. மூர் வரைபடத்துக்கு 256 நிலைகள். யாரும் அதை வரையமாட்டார்கள், எட்டு ஃபிளிப்-ஃப்ளாப் வைத்து முடிப்பார்கள். `k` பிட் வெளியீடு நிலைகளை 2-இன் `k` அடுக்கு மடங்கு வரை பெருக்கலாம், ஃபிளிப்-ஃப்ளாப்போ அதிகபட்சம் `k` தான் கூடும். வெளியீடு அகலமாக இருந்தால் தயங்காமல் மூன்றாவது வழி.

உண்மையான விலை ஒரு கிளாக்

வடிவம் எதுவானாலும் கொடுக்கும் விலை ஒன்றே. கடைசி `1` உள்ளீட்டில் நிற்கும் கிளாக்கிலேயே மீலி `z`-ஐ எழுப்பிவிடும். மூர் அதற்கு அடுத்த கிளாக்கில்தான் எழுப்பும். முடிவெடுக்க வேண்டியது இந்த ஒரு கிளாக்கைப் பற்றித்தான்.

தாமதம் கொடுத்து வாங்குவது என்ன என்றால், பாதையை வெட்டிவிடும் வசதி. கிளாக் 10 நானோவினாடி, உள்ளீடு `x` முந்தைய தொகுதியிலிருந்து கிளாக் விளிம்புக்கு 6 நானோவினாடி கழித்து வருகிறது, நம் கேட்டுகள் 1, அடுத்த தொகுதியின் தர்க்கம் 4 என்று வைத்துக்கொள்வோம். மீலியில் இவை ஒரே சங்கிலி, மொத்தம் 11, கிளாக்குக்குள் அடங்காது. மூரில் 6-உம் 1-உம் சேர்ந்து நம் ஃபிளிப்-ஃப்ளாப்பில் முடிகின்றன. அடுத்த தொகுதியின் 4 புதிய கிளாக்கில் தொடங்குகிறது. இரண்டு மீலி இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று வெளியீட்டை உள்ளீடாகக் கொடுத்தால் இன்னும் மோசம். நடுவில் ஃபிளிப்-ஃப்ளாப் இல்லாத வளையம் உருவாகிவிடலாம். சிந்தசிஸ் கருவி கூட்டுத் தர்க்க வளையம் என்று எச்சரித்தால் அதைத் தள்ளிவிடாமல், இரண்டில் ஒன்றை மூராக்குங்கள்.

இந்த ஒரு கிளாக்கைக் கொடுக்கவே முடியாத இடங்களும் உண்டு. அனுப்புபவருக்கு "தயார்" என்று சொல்லும் கைகுலுக்கல் சிக்னல் அவற்றில் முதன்மையானது. ஃபைஃபோ நிரம்பியதும் அதே கிளாக்கில் "தயார்" விழ வேண்டும் என்ற எண்ணத்தில் மறுமுனை கட்டப்பட்டிருந்தால், ஒரு கிளாக் தாமதத்தில் ஒரு சொல் கூடுதலாக வந்து கீழே விழும். அறிகுறி மிகத் துல்லியமானது: ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சரியாக ஒரே ஒரு சொல் காணாமல் போகும், நிறுத்தம் இல்லாத ஓட்டத்தில் எதுவும் போகாது. அங்கே மூர்தான் வேண்டும் என்றால், அந்த ஒரு சொல்லைத் தாங்க ஒரு கூடுதல் இடம் வைக்க வேண்டும், அல்லது ஃபைஃபோவில் ஓர் இடம் மீதமிருக்கும்போதே "நிரம்பப் போகிறது" என்று சொல்ல வேண்டும்.

இரண்டும் வேண்டும் என்றால், அதாவது வெளியீடு ஃபிளிப்-ஃப்ளாப்பிலிருந்தும் வர வேண்டும், தாமதமும் கூடாது என்றால், ஒரே ஒரு சூழலில் முடியும். `x` நம் தொகுதியிலேயே ஒரு ஃபிளிப்-ஃப்ளாப்பிலிருந்து வந்தால், அதன் வாசலில் நிற்கும் அடுத்த மதிப்பை நாம் ஒரு கிளாக் முன்பே பார்க்கலாம். `q`-இன் அடுத்த மதிப்பையும் `x`-இன் அடுத்த மதிப்பையும் கொண்டு `z`-ஐக் கணித்து ஃபிளிப்-ஃப்ளாப்பில் வைத்தால், மீலி எழுப்பும் அதே கிளாக்கில் தூய்மையான `z` கிடைக்கும்:

```verilog
z <= (q_next == S3) & x_next;
```

`x_next`-ஐத் தரும் தர்க்கம் ஏற்கெனவே நீளமாக இருந்தால் இந்த வரி அதை இன்னும் நீட்டிவிடும். அதனால் நேர அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். `x` சிப்புக்கு வெளியிலிருந்து வருவதாக இருந்தால் இந்தக் கதவு மூடியே இருக்கும். அதன் அடுத்த மதிப்பு யாருக்கும் தெரியாது.

மாற்றியதைச் சரிபார்க்க, பழைய மீலியைச் சோதனைப் பெஞ்சில் வைத்து, அதன் வெளியீட்டை ஒரு கிளாக் தாமதப்படுத்தி, மூரின் வெளியீட்டோடு ஒப்பிடுங்கள். தாமதப்படுத்தாமல் ஒப்பிட்டால் ஒவ்வொரு தனிப் பொருத்தத்துக்கும் அடுத்தடுத்த கிளாக்குகளில் இரண்டு முரண்கள் தெரியும், அது இயந்திரத்தின் பிழையன்று. ரீசெட்டுக்குப் பின் முதல் கிளாக்கில் மட்டும் முரண் வந்தால் தொடக்கப் பிரதியின் வெளியீட்டைப் பாருங்கள். முதல் பொருத்தம் சரியாக வந்து, அதன் வாலைப் பகிரும் அடுத்த பொருத்தம் மட்டும் விட்டுப்போனால், பிரதியெடுத்த நிலையிலிருந்து கிளம்பும் அம்புகள் தவறாகத் திருப்பப்பட்டிருக்கின்றன.